ஈரத் துணியின் வாடை எங்கிருந்து வருகிறது?

கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் கொடியில் கிடந்த துண்டைக் கைக்கு உலர்ந்ததாகத்தான் எடுத்து மடித்து வைப்போம். குளித்துவிட்டு முகம் துடைத்ததும் பழைய வாடை குப்பென்று அடிக்கும். சோப்புப் போட்டு அலசி, காய்ந்தும்விட்ட துணியில் இந்த நாற்றம் எப்படி வந்தது?

பூசணம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கரும்புள்ளிகள் இருந்தால் அது பூசணம்தான். புள்ளியே இல்லாத துணியில் அடிக்கும் வாடைக்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியா. ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஓஸ்லோ நகரின் பெயர் தாங்கிய மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா, துணியில் தங்கிய வியர்வையையும் தோலின் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று ஓர் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலத்தின் வாடைதான் ஈரக் கரித்துணி வாடை. இந்தக் கிருமி காய்ந்தாலும் எளிதில் சாகாது. புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் உலர்ந்தபோது மணக்காத துண்டு, நனைந்ததும் நாறுகிறது.

ஆகவே இது ஒரு பந்தயம். கிருமி பெருகுவதற்குள் தண்ணீர் போய்விட வேண்டும். அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மழைக்காலத்தின் சிக்கல் முழுதும் புரிந்துவிடும்.

ஐந்து கிலோ துணியை மெஷினில் பிழிந்து எடுத்த பிறகும் அதில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீர் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே 34 கன மீட்டர் காற்று. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத் தாங்கும். மழை நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 22 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சம் நான்கு கிராம். அறை முழுவதற்கும் சேர்த்தால் 130 கிராம் சொச்சம், ஒரு டம்ளர்கூட இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்டாண்டில் துணி போட்டால், அந்த ஒரு டம்ளரோடு காற்று நிறைந்துவிடும். மீதித் தண்ணீர் துணியிலேயே நிற்கும்.

இரண்டரை லிட்டரும் வெளியேற அறைக் காற்று குறைந்தது இருபது முறையாவது மாற வேண்டும். வெளியே மழை பெய்தாலும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெளிக்காற்றும் ஈரமானதுதான், ஆனால் அதில் இன்னும் நான்கு கிராமுக்கு இடம் இருக்கிறது. ஃபேன் காற்றின் ஈரத்தைக் குறைப்பதில்லை. துணியின் மேல் ஒட்டி நிற்கும் நிறைந்த காற்றைத் தள்ளிவிட்டு அடுத்த காற்றுக்கு வழிவிடுகிறது. ஆகவே டேபிள் ஃபேனைத் துணிகளுக்கு இடையே வீசும்படி வையுங்கள். துணிக்குத் துணி ஒரு கைமுட்டி அகலம் இடைவெளி வேண்டும்.

ஏசி இருந்தால் கணக்கு தலைகீழ். ஜன்னலைச் சாத்தி ‘டிரை’ முறையில் ஓட்டுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் படிந்து வெளியே சொட்டும். தண்ணீர் வடியும் குழாயடியில் வாளி வைத்தால், உங்கள் துணியின் தண்ணீரையும் அதில் பார்க்கலாம். டிரையர் வைத்திருப்பவர்கள், காற்றை வெளியேற்றும் வகையானால் அதன் குழாயை வீட்டுக்கு வெளியே விடவேண்டும். இல்லாவிட்டால் துணியின் ஈரம் சுவருக்குப் போகும்.

பணச் செலவில்லாத உதவி, மெஷினில் இன்னொரு முறை பிழிவது. அதில் போகும் தண்ணீரைக் காற்று சுமக்க வேண்டியதில்லை. ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, பைகளை வெளியே இழுத்துவிட்டுத் தொங்கவிட வேண்டும். உலர்ந்ததா என்று பார்க்க நடுத்துணியைத் தொடாதீர்கள். இடுப்புப் பட்டியையும் தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அதை மடித்து அலமாரியில் வைத்தால் பக்கத்துத் துணிக்கும் வாடை பரவும்.

ஏற்கெனவே வாடை பிடித்த துண்டுக்கு வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. அதை மறுபடி மறுபடி குளிர்ந்த நீரில் துவைத்தாலும் போகாது. நம் ஊர் வண்ணார்கள் வெள்ளாவி வைத்தபோது, உவர்மண்ணின் காரம் பிசுக்கைக் கரைத்தது, ஆவியின் சூடு கிருமியைக் கொன்றது. வீட்டில் அதற்கு ஈடாக, சாயம் போகாத பருத்தித் துண்டைச் சலவைத்தூள் கலந்த 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, அன்றே உலர்த்துங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.