பக்கத்து வீட்டு போட்டோவை எடிட் பண்ணி ஷேர் செய்யலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் நின்று எதிர்வீட்டை செல்போனில் படம் எடுக்கிறார். ஆப்பில் சுவருக்குப் புது கலர் அடித்து, மாடிக்குக் கண்ணாடிக் கைப்பிடி வைத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். "என் வீட்டை யாரைக் கேட்டுப் போட்டே?" என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். யார் பக்கம் சட்டம்?

வீட்டைப் படம் எடுத்து எடிட் பண்ண அனுமதி வேண்டுமா?

வேண்டியதில்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(எஸ்), கட்டடத்தை வரைவதையும் போட்டோ எடுப்பதையும் அதை வெளியிடுவதையும் மீறல் இல்லை என்கிறது. கலர் மாற்றினாலும் அது கட்டடத்தின் படம்தான். இன்னொரு விஷயம், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் டிசைனின் உரிமை பொதுவாக அதை வரைந்தவருக்கு. காசு போட்டுக் கட்டியவருக்கு இல்லை! ஆனால் இந்தச் சலுகை படத்துக்கு மட்டும். படத்தைப் பார்த்து அதே தனித்துவமான டிசைனில் வீடு கட்டினால் கதை வேறு.

சுவரில் ஓவியம் இருந்தால்?

இங்கேதான் பலரும் மாட்டுவார்கள். பொது இடத்தில் இருக்கும் சிலையைப் படம் எடுக்கச் சட்டம் தரும் விலக்கு, ஓவியத்தைப் படம் எடுப்பதற்கு என்று சொல்லவில்லை. மும்பையில் ஒரு சுவரோவியத்தை அக்கோ இன்சூரன்ஸ் நிறுவனம் விளம்பரத்தில் பயன்படுத்திய வழக்கில், 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆன்லைன் பதிவுகளை நீக்கச் சொன்னது. அது இடைக்கால உத்தரவுதான். இருந்தாலும் தொழில் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்கள் சுவரோவியத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நெட்டில் கிடைத்த போட்டோவை மாற்றலாமா?

வீட்டுக்கு விலக்கு உண்டு, அடுத்தவர் எடுத்த போட்டோவுக்கு இல்லை. அதன் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. ஃபில்டர் போட்டால் அது நம்முடையதாகிவிடாது. கான்ட்ராக்டர் தானே எடுத்ததால் தப்பித்தார்.

அப்போ வீட்டுக்காரர் எதுவுமே கேட்க முடியாதா?

கேட்கலாம். கலரை வைத்து இல்லை, படம் சொல்லும் பொய்யை வைத்து. "நாங்க பெயின்ட் அடிச்ச வீடு" என்று போட்டால் வாடிக்கையாளரை ஏமாற்றும் விளம்பரம். சுவரில் விரிசலை வரைந்து "இடியப்போகிற வீடு" என்றோ, ஜப்தி நோட்டீஸ் ஒட்டியது போலவோ பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன் கீழ் அவதூறு புகார் வரலாம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

ஆட்கள் விஷயம் தனி. 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றது. வெளிச்சுவர் தெருவுக்குத் தெரிவதுதான். அதற்காக ஜன்னலுக்குள் ஜூம் பண்ணக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, வண்டி நம்பர், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும்.

கான்ட்ராக்டர் "மாதிரிப் படம்" என்று கேப்ஷனில் எழுதினால் போதுமா? ஃபார்வர்டு ஆகும்போது அது காணாமல் போய்விடும். படத்தின் மேலேயே எழுத வேண்டும்.