காருக்குச் சாக்கெட் போதுமா?

30 யூனிட் கொள்ளும் கார் பேட்டரி, 15 ஆம்பியர் சாக்கெட்டில் நிறையச் சுமார் பத்து மணி நேரமாகும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரில் நாலரை மணி நேரம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ ஆறேழு யூனிட் போதும். சாக்கெட்டிலேயே இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

என் கவலை வேகமல்ல, சூடு. கீசர் சீக்கிரம் அணைந்துவிடும். கார் மணிக்கணக்கில் மின்சாரத்தை இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதித்து, பிளாஸ்டிக் பழுப்பேறும், கருகல் வாடை வரும். அப்போது மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவர் சார்ஜருக்குத் தனி ஒயரும் பிரேக்கரும் உண்டு. ஆனால் வீட்டுக்கு அனுமதித்த மின்பளு அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். எதுவானாலும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் காரை மாட்டாதீர்கள்.