தாகூர் ஜாதகத்தில் சரஸ்வதி யோகம்

ரவீந்திரநாத் தாகூர் 1861 மே 7 அன்று பொழுது விடிவதற்கு முன் கொல்கத்தாவில் பிறந்தார். அவருடைய லக்னம் மீனம். ஐந்தாம் வீடான கடகத்தில் குரு உச்சம். இரண்டாம் வீடான மேஷத்தில் புதன், சுக்கிரன், கூடவே சூரியன். சரஸ்வதி யோகத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஜாதகம் கிடைப்பது அரிது.

மந்திரேஸ்வரரின் பலதீபிகை சொல்லும் விதி சுருக்கமானது. குரு, சுக்கிரன், புதன் மூவரும் கேந்திரம், திரிகோணம் அல்லது இரண்டாம் வீட்டில் இருக்க வேண்டும். குரு ஆட்சி, உச்சம் அல்லது நட்பு வீட்டில் பலமாக நிற்க வேண்டும். அப்படி அமைந்தவர் கவிதை, நாடகம், கணிதம், சாஸ்திரம் ஆகியவற்றில் தேர்ந்தவராவார் என்பது பலன்.

தாகூருக்கு ஐந்தாம் இடம் புத்தி, கற்பனை. இரண்டாம் இடம் வாக்கு. லக்னத்துக்கும் தொழில் ஸ்தானமான பத்தாம் இடத்துக்கும் அதிபதியான குருவே உச்சம் பெற்று, ஒன்பதாம் பார்வையாக லக்னத்தையும் அங்கிருக்கும் சந்திரனையும் பார்க்கிறார். ஆனால் மேஷம் புதனுக்கும் சுக்கிரனுக்கும் சம வீடுதான். யோகத்தின் பாரத்தைச் சுமப்பவர் குரு.

மூவருமே உச்சமாக இருந்தால் இன்னும் சிறப்பல்லவா என்று தோன்றும். அது வானில் நடக்காது. புதன் உச்சம் பெறும் கன்னியில் சுக்கிரன் நீசம். சுக்கிரன் உச்சம் பெறும் மீனத்தில் புதன் நீசம். அந்த இரண்டு ராசிகளும் நேரெதிர். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேலும், சுக்கிரன் 48 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. பிறகு எப்படி எதிரெதிரே நிற்பார்கள்? சூரியனை ஒட்டியே திரிவதால் அஸ்தங்கமாகும் ஆபத்தும் இருவருக்கும் உண்டு. புதனுக்குச் சுமார் 14 பாகை, சுக்கிரனுக்கு 10 பாகை என்பது பொதுவான கணக்கு. அதற்குள் வந்தால் பலம் குறையும். கட்டத்தை மட்டும் பார்த்து யோகம் சொல்பவர்கள் பாகையைப் பார்க்கத் தவறுவது இங்கேதான்.

இன்னொன்று, இந்த யோகம் நாம் நினைப்பதுபோல அபூர்வமல்ல. விதி அனுமதிக்கும் வீடுகள் பன்னிரண்டில் ஏழு. குருவுக்கு ஏற்ற ராசிகளோ மேஷம், கடகம், சிம்மம், விருச்சிகம், தனுசு, மீனம் என ஆறு. எனவே பலரது ஜாதகத்தில் பெயரளவில் இருக்கும். குரு எவ்வளவு பலம், சம்பந்தப்பட்ட தசை எந்த வயதில் வருகிறது என்பதை வைத்தே பலனைச் சொல்வார்கள்.

பிறந்த நேரமும் சரியாக இருக்க வேண்டும். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். தாகூர் சற்று முன்னதாக, கும்ப லக்னத்தில் பிறந்திருந்தால் அதே குரு ஆறாம் வீட்டிலும், புதனும் சுக்கிரனும் மூன்றாம் வீட்டிலும் போயிருப்பார்கள், யோகமே கிடையாது. மீன லக்னம் ஓடிய அந்த நேரத்தில் கொல்கத்தாவில் பிறந்த மற்றக் குழந்தைகளுக்கும் இதே கட்டம்தான். அவர்களில் எவரும் 1913இல் நோபல் பரிசு வாங்கவில்லை.