மூடிய டிக்கெட்டில் திறந்திருக்கும் கேள்விகள்

இணையதளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோ என்ற மென்பொருளில் 373-ஆம் எண்ணுள்ள டிக்கெட் 2005-இல் பதிவானது. அதில் கேட்ட வசதி 2025 ஏப்ரலில் வெளிவந்த 5.2 பதிப்பில்தான் பயனர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பலர் அந்த வேலைக்குள் வந்தார்கள், போனார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் இருந்த முதல் கேள்வி ஒன்றுதான்: இதுவரை என்ன முடிவாகியிருக்கிறது, என்ன முடிவாகவில்லை?

மென்பொருள் அலுவலகங்களில் ஒரு குறையையோ கோரிக்கையையோ பதிவு செய்யும் பக்கத்துக்கு டிக்கெட் என்று பெயர். சம்பந்தப்பட்டவர்கள் அதன் கீழ் கருத்துகளை எழுதிக்கொண்டே போவார்கள். நாளடைவில் அது நீண்டுவிடும். தாமதமாகச் சேருபவருக்கு அதைச் சுருக்கித் தருவது ஒரு தனி வேலை. பலர் அதைக் கதைச்சுருக்கம்போல எழுதிவிடுகிறார்கள்: முதலில் இவர் இப்படிச் சொன்னார், பிறகு அவர் மறுத்தார், அப்புறம் ஒருவர் வேறு வழி காட்டினார் என்று. படித்து முடித்தாலும், நாளைக் காலை எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பது வந்தவருக்கு விளங்காது.

373-இன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கினால் சரியான வழி புரியும். பள்ளியில் 12-ஆம் எண் மாணவர் 'அ' பிரிவிலும் இருப்பார், 'ஆ' பிரிவிலும் இருப்பார். பிரிவையும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். தரவுத்தளத்தில் இப்படி இரண்டு, மூன்று பத்திகள் சேர்ந்து ஒரு பதிவை அடையாளம் காட்டினால் அது கூட்டு முதன்மைச் சாவி. ஜாங்கோவோ ஒரு பதிவுக்கு ஒரே பத்திதான் சாவி என்று வைத்துக் கட்டப்பட்டது. கூட்டுச் சாவி வேண்டும் என்பதே டிக்கெட்டின் கோரிக்கை.

இந்தப் பிரச்சினைக்கென்று ஜாங்கோவின் விக்கியில் யாரோ ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். யார் என்ன சொன்னார் என்ற வரலாற்றுக்குள் போகாமல், அது மூன்று முட்டுக்கட்டைகளை மட்டும் பட்டியலிட்டது. முதலாவது, நிரலின் பல இடங்கள் `pk` என்ற ஒரே பெயரால் சாவியைக் கேட்கின்றன, அவை உடையக்கூடாது. இரண்டாவது, சில பகுதிகள் எந்த வகைப் பொருளையும் 'வகை, சாவி' என்ற ஜோடியாகக் குறித்து வைக்கின்றன. சாவியே பல துண்டாக இருந்தால் அங்கே எதை எழுதுவது? மூன்றாவது, நிர்வாகப் பக்கங்களின் முகவரியில் சாவி இடம்பெறுகிறது. கூட்டுச் சாவியை அங்கே எப்படிக் காட்டுவது? தாமதமாக வந்தவர் இந்த மூன்றையும் படித்தால் போதும், பிரச்சினை எங்கே சிக்கியிருக்கிறது என்று பிடிபட்டுவிடும். நல்ல சுருக்கத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி, முடிவானதைப் பிரித்துக் காட்டுவது. ஏமாறுவது இங்கேதான் அதிகம். ஜாங்கோ டிக்கெட்டுகளில் `Accepted` என்ற நிலை உண்டு. பிரச்சினை உண்மையானது, கவனிக்க வேண்டியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆனால் புதியவர் கண்ணுக்கு, டிக்கெட்டில் முன்மொழிந்த வழியையே ஏற்றுக்கொண்டது போலத் தெரியும். இதேபோல, ஒருவர் யோசனை சொல்லி யாரும் மறுக்காமல் போனால் அதுவும் முடிவல்ல. பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை என்றே அர்த்தம். ஒருவர் நிரலை எழுதி இணைத்துவிட்டார் என்பதும் முடிவல்ல. முடிவு எடுக்கும் பொறுப்புள்ளவர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது நிரல் முதன்மைக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால், அந்த வரியைத் திறந்த கேள்விகளின் பட்டியலுக்கு நகர்த்துவதே நேர்மை.

ஆகவே வாசிப்பைக் கடைசிக் கருத்திலிருந்து தொடங்குவது நல்லது. இன்றைய நிலை என்ன என்று தெரிந்துகொண்டு மேலே போனால், பாதி வழியில் கைவிட்ட யோசனைகளை முடிவென்று எடுத்துக்கொள்ளும் அபாயம் குறையும். ஒவ்வொரு கருத்தையும் முடிவு, கேள்வி, யோசனை, தகவல் என்று குறித்துக்கொண்டே போகலாம். பழைய முடிவைப் பின்னால் வந்த ஒன்று மாற்றியிருந்தால், புதியது மட்டும் முடிவுகளில் நிற்கட்டும். பழையதை 'கைவிட்டவை' என்ற தலைப்பில் காரணத்தோடு ஒரே வரியில் எழுதலாம். அந்த வரி இல்லாவிட்டால், புதியவர் உற்சாகத்தோடு அதே யோசனையை மறுபடி கொண்டுவருவார்.

5.2 பதிப்பு வந்த வேளையில் 373-ஐ ஒருவருக்குச் சுருக்கித் தருவதானால் எப்படி எழுதலாம்? முடிவுகள்: கூட்டுச் சாவியைக் கீழ்க்கண்டவாறு அறிவிக்கலாம்.

```
pk = models.CompositePrimaryKey("section", "roll_no")
```

`pk` என்ற பெயர் அப்படியே நீடிக்கிறது. அதைக் கேட்டால் ஒற்றை மதிப்புக்குப் பதில் மதிப்புகளின் தொகுப்பு கிடைக்கும். இதனால் முதல் முட்டுக்கட்டை தீர்ந்தது. அடுத்து, திறந்திருப்பவை: 5.2-இல் கூட்டுச் சாவி உள்ள அட்டவணையை நிர்வாகப் பக்கத்தில் பதிவு செய்ய முடியாது. வேறோர் அட்டவணையிலிருந்து வழக்கமான `ForeignKey` மூலம் அதைச் சுட்டவும் முடியாது. 'வகை, சாவி' ஜோடி முறையும் அதற்குப் பொருந்தாது. ஏற்கெனவே உருவாக்கிய அட்டவணையை ஒற்றைச் சாவியிலிருந்து கூட்டுச் சாவிக்கு மாற்ற ஜாங்கோ உதவாது.

பழைய பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று முட்டுக்கட்டைகளில் ஒன்றுதான் விலகியது. மற்ற இரண்டையும் தெரிந்தே விலக்கி வைத்துவிட்டு வசதியை வெளியிட்டார்கள். அதனால்தான் இருபது ஆண்டு இழுபறி முடிந்தது. ஆனால் 'டிக்கெட் மூடப்பட்டது' என்று மட்டும் எழுதிய சுருக்கத்தை நம்பி ஒருவர் தன் பழைய அட்டவணைகளை மாற்றக் கிளம்பினால், முதல் நாளே சுவரில் முட்டிக்கொள்வார். மூடிய டிக்கெட்டுக்கும் திறந்த கேள்விகள் உண்டு.

திறந்த கேள்வியை எழுதும்போது மூன்று விவரம் தேவை. அது கேள்வியாகவே இருக்க வேண்டும்: 'நிர்வாகப் பக்கம் பற்றி விவாதம் நடந்தது' என்பதைவிட, 'நிர்வாகப் பக்க முகவரியில் கூட்டுச் சாவியை எந்த வடிவில் எழுதுவது?' என்பது உதவும். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும், பதில் வரும்வரை எந்த வேலை நிற்கிறது என்பதும் கூடவே வேண்டும். 'முடியாது என்று முடிவு செய்தோம்', 'இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தோம்' ஆகிய இரண்டையும் கலந்துவிடக் கூடாது. முன்னதை மறுபடி எழுப்பினால் வீண் சச்சரவு. பின்னதைத் தொடுவது புதியவர் செய்யக்கூடிய நல்ல வேலை.

எழுதி முடித்ததும், அந்த விவாதத்தில் தொடக்கம் முதல் இருந்த ஒருவரிடம் முடிவுகளின் பகுதியை மட்டும் காட்டுங்கள். 'இதை நாங்கள் முடிவு செய்யவே இல்லையே' என்று அவர் எந்த வரியைச் சொன்னாலும், வாதாடாமல் அதைத் திறந்த கேள்விகளுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அது எந்தக் கருத்தில் இருக்கிறது என்ற எண்ணையும், மேலே எந்தத் தேதி வரைக்குமான சுருக்கம் என்பதையும் எழுதுங்கள். தேதி போடாத சுருக்கம், அடுத்த கருத்து வந்த அன்றே தவறான தகவலாகிவிடும்.