0.8 ஸ்கோர் எடுத்த டீம்... கஸ்டமர் ஏன் கடுப்பானார்?

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கஸ்டமர் சப்போர்ட் டீமைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்தக் காலாண்டுக்கான அவர்களின் ஓகேஆரில் ‘வாடிக்கையாளர் பிரச்சினையைச் சீக்கிரம் தீர்ப்பது’ என்பது குறிக்கோள். அதை அளக்கும் முக்கிய முடிவு: புகாருக்கு முதல் பதில் போகும் சராசரி நேரத்தை 6 மணியிலிருந்து 2 மணி நேரமாகக் குறைப்பது.

காலாண்டு முடிவில் அது 2.8 மணி நேரமாகிவிட்டது. குறைக்க வேண்டியது 4 மணி நேரம், குறைந்தது 3.2. வகுத்தால் 0.8. ஓகேஆரில் மதிப்பெண் 0 முதல் 1 வரைதான் என்பதால் இது அமோகமான ஸ்கோர்.

ஆனா உள்ளே நடந்தது வேறு. ‘உங்கள் புகார் கிடைத்தது, பார்க்கிறோம்’ என்று ஒரு டெம்ப்ளேட்டைத் தட்டிவிட்டாலே கடிகாரம் நின்றுவிடும். மேலோட்டமாகப் பார்த்து டிக்கெட்டை மூடினார்கள். மூடியவற்றில் திரும்பத் திறக்கப்பட்டவை 8 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகின. யாரும் பொய் சொல்லல. எதை அளந்தார்களோ, அதைச் செய்து கொடுத்தார்கள்.

இன்டெலில் இந்த முறைக்கு வித்திட்டவர் ஆண்டி குரோவ். 1983-ல் வெளியான ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ நூலில் அவரே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: ஓர் அளவை வைத்தால், அதைத் துரத்தும்போது எது கெடுமோ, அதையும் ஜோடியாக அளக்க வேண்டும். இந்த டீமுக்கு அந்த ஜோடி, மறுதிறப்பு சதவீதம். ‘அது 10-ஐத் தாண்டினால் ஸ்கோர் 0.4-க்கு மேல் போகாது’ என்று முதல் வாரத்திலேயே எழுதி வைக்கலாம். ‘முதல் பதில்’ என்றால் ஆள் படித்துப் பார்த்து எழுதிய பதில், ஆட்டோ ரிப்ளை சேராது என்பதையும் சேர்த்துத்தான். கடைசி வாரத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொரு தில்லுமுல்லு சத்தமில்லாமல் நடக்கும். ஸ்கோரைப் பார்த்து போனஸ் என்று தெரிந்தால், 2 மணி நேரத்துக்கு முயலக்கூடிய டீம் அடுத்த காலாண்டில் 4 மணி நேரம் என்றுதான் இலக்கு எழுதும். 1999-ல் ஜான் டோயர் இந்த முறையைக் கொண்டுபோன கூகுளில், எட்டிப்பிடிக்கும் இலக்குகளுக்கு 0.6 – 0.7 நல்ல ஸ்கோர். எல்லாமே 1.0 என்றால் இலக்கு சுலபம் என்று அர்த்தம். ஆனால் செய்தே தீர வேண்டிய வேலைக்கு 1.0-தான் கணக்கு, அதில் 0.7 என்பது தோல்வி. எது எந்த வகை என்பதையும் ஆரம்பத்திலேயே குறித்துவிட வேண்டும்.

சம்பள உயர்வை ஸ்கோரிலிருந்து பிரிப்பது கடினம். மேனேஜருக்கு அந்த எண் மனதில் நிற்கத்தான் செய்யும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தேவை. அப்படிப் பார்த்தால் இந்த டீமின் பதிவு இப்படி இருந்திருக்கும்: ‘கணக்குப்படி 0.8, மறுதிறப்பு 19 சதவீதம், இறுதி ஸ்கோர் 0.4. டெம்ப்ளேட் பதில்களால் நேரம் குறைந்தது. அடுத்த காலாண்டில், பிரச்சினை முழுசா தீர ஆகும் நேரத்தை அளப்போம்.’