சிறு முகப்பில் பயிரிடுவோர்க்கு ஏற்ற பரிசுகள்

பதுளை நகரின் மேல்மாடி வீடுகளிலும், ஊவா மாகாணத் தோட்டங்களின் லயங்களிலும் வாழ்வோருள் பலருக்குச் சொந்தத்தில் ஒரு பாத்தி நிலமும் கிடையாது. நகரத்தில் வசிப்பவருக்கு மாடி முகப்பு ஒன்று உண்டு. லயத்தில் வசிப்பவருக்கு வாசலை ஒட்டிய இஸ்தோப்பு உண்டு. இவ்விரண்டும் சில அடி அகலமே உடையன. அவ்விடத்திலும் செடி வளர்க்க விரும்பும் உறவினருக்கோ நண்பருக்கோ தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகிய நாள்களில் எதனைப் பரிசாக அளிக்கலாம் என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

இத்தகைய பரிசுகளுட் பெரும்பாலானவை இரண்டு மாதங்களுக்குள் வாடிவிடுகின்றன. பெறுபவரின் கவனக்குறைவு இதற்குக் காரணமென்று கூறுவது பொருந்தாது. வெயில், காற்று, மண் ஆகிய மூன்றையும் ஆராயாது பரிசைத் தெரிவு செய்வதே பெரும்பாலும் காரணமாகும்.

1. முகப்பு நோக்கும் திசையை அறிதல்

பரிசு அளிக்குமுன் பெறுபவரின் முகப்பு எத்திசையை நோக்கியுள்ளது என்பதை அறிதல் வேண்டும். ஊவா மாகாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. ஆதலால் செப்டெம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கின்றது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் முடிவு வரை வடக்கே நிற்கின்றது. தெற்கு நோக்கிய இஸ்தோப்பில் தை மாதத்தில் நல்ல வெயில் விழும். வடக்கு நோக்கிய இஸ்தோப்பிலோ அம்மாதத்தில் கூரையின் நிழலே இருக்கும். கிழக்கு நோக்கியதில் மேகமற்ற நாள்களில் ஆண்டு முழுவதும் காலை வெயில் கிடைக்கும்.

காலை 8 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணிக்கும் வெயில் எவ்விடத்தில் விழுகின்றது என்பதைச் சுண்ணக்கட்டியால் தரையிற் குறித்து வைத்தால் உண்மை விளங்கும். நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேர வெயில் உள்ள இடத்துக்கு மிளகாய் ஏற்றது. 2 அல்லது 3 மணி நேரமே வெயில் படும் இடத்துக்கு வல்லாரையையோ புதினாவையோ கொடுத்தல் நன்று. கறிவேப்பிலை பதுளையின் வெப்பத்தில் நன்கு வளரும். அப்புத்தளை போன்ற குளிர்ந்த உயரங்களில் மிக மெதுவாகவே தளிர்விடும்.

2. பாத்திரமும் அதன் எடையும்

மிளகாய்ச் செடி ஒன்றுக்கு 10 லீற்றர் கொள்ளும் வாளி போதுமானது. நனைந்த மண்ணுடன் இவ்வாளி ஏறத்தாழ 12 முதல் 13 கிலோகிராம் எடையுடையதாகும். மூன்று வாளிகள் சேர்ந்தால் 40 கிலோகிராமை அணுகும். எனவே மாடி முகப்பில் வாளிகளைச் சுவரோரமாகத் தரையில் வைத்தல் வேண்டும். கைபிடிக் கம்பியின் மேல் வைப்பதும் அதிலே தொங்கவிடுவதும் கீழே நடமாடுவோருக்கு ஆபத்தாகும். வல்லாரைக்கும் புதினாவுக்கும் 6 அங்குல ஆழமுள்ள பெட்டி போதும். எடை தாங்காத இடத்துக்கு இவையே ஏற்றவை.

வாளியின் அடியில் பென்சில் நுழையத்தக்க 5 அல்லது 6 துளைகள் இருத்தல் வேண்டும். துளைகளின் மேல் ஒரு பிடி தென்னந்தும்பை வைத்தால் மண் வெளியேறாது. அடியிலே கற்களை நிரப்பினால் நீர் நன்கு வடியுமென்பது பலரின் எண்ணம். உண்மையில், கற்களுக்கு மேலுள்ள மண்ணிலேயே நீர் தேங்கி நிற்கும். வேருக்குரிய இடமும் குறையும். ஆதலாற் கற்களை விடுத்து, வாளியை இரண்டு மரச்சட்டங்களின் மேல் வைத்தாற் போதும்.

தோட்டங்களில் வாழ்வோர் ஒன்றனை மறத்தலாகாது. களைகொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த வெற்றுக் கலன்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுச் செடி நடவும் நீர் ஊற்றவும் பயன்படுத்தல் கூடாது. களைகொல்லியின் எச்சம் செடியைக் கருக்கும். பூச்சிமருந்தின் நஞ்சு உண்பவரையும் சென்றடையும். விலை குறைந்ததாயினும் புதிய வாளி அல்லது சமையலறையில் எண்ணெய் இருந்த தகரமே பாதுகாப்பானது.

3. மண் கலவை

லயத்தின் பின்னாலுள்ள தேயிலை மலையிலிருந்து மண்ணை அள்ளி நிரப்புவது வழக்கமாக உள்ளது. தேயிலை புளித்தன்மையுள்ள மண்ணை விரும்பும் பயிராகும். அம்மண்ணில் மிளகாய் குன்றி, இலை வெளிறி நிற்கும். அன்றியும் சரிவான இடங்களில் லயத்தை ஒட்டி மண்ணை வெட்டி எடுத்தல் பெருந்தீங்காகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடி உயிர்களைப் பலிகொண்டதை இம்மாகாணத்தார் அறிவர். சரிவின் அடியிலுள்ள மண், மேலுள்ள மண்ணைத் தாங்கி நிற்பதாதலின் அதனைத் தொடாதிருத்தலே அறிவுடைமை.

சமநிலத்து மேல்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தென்னந்தும்புத் தூள் ஒரு பங்கு எனச் சேர்த்துக்கொள்க. 10 லீற்றர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற்றுத் தூள் இட்டு, சிறிது நனைத்து, நடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே வைத்துவிடுக. எரு நன்கு மக்கியதா என்பதைக் கையினால் அறியலாம். சூடும் துர்நாற்றமும் இருந்தால் அது மக்கவில்லை. அத்தகைய எரு இளம் வேரைக் கருகச் செய்யும்.

4. ஓர் உதாரணம்

பசறைப் பக்கத்தில், கிழக்கு நோக்கிய இஸ்தோப்பு உடைய ஒரு குடும்பத்துக்குத் தைப்பொங்கற் பரிசாக மிளகாய் வாளி ஒன்றைக் கொடுக்க எண்ணுவோமாக. மார்கழிக்கு முன்னதாக, டிசெம்பர் முதல் வாரத்தில் சிறு கிண்ணத்தில் விதைகளை அரை அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் விதைத்தல் வேண்டும். 5 வாரமளவில் நாற்று விரற்கடை உயரங்களைக் கடந்து 5 அல்லது 6 இலைகளுடன் நிற்கும். வாளியில் நன்கு திரண்ட ஒரு நாற்றை மட்டும் மாலை நேரத்தில் நடுக. இரண்டு நாற்றுகளை நட்டால் இரண்டும் நலிவுறும். சில நாள்கள் நிழலில் வைத்து, வேர்பிடித்த பின்னரே எடுத்துச் சென்று கொடுத்தல் நன்று.

நட்டு இரண்டரை முதல் மூன்று மாதங்களிற் பச்சைக்காய் பறிக்கலாம். தை நடுவில் நட்ட செடி சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முதற் காய்களைத் தரும். உயரமான தோட்டங்களில் இன்னும் சில வாரங்கள் செல்லும். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை ஒரு பிடி கூட்டெருவை மேலே தூவி மண்ணுடன் கிளறிவிடுக. காய்களை முற்றவிடாது அடிக்கடி பறித்தால் புதிய பூக்கள் தோன்றும்.

5. உடன் அளிக்கவேண்டிய கருவிகள்

மண்வெட்டியும் முள்ளும் இங்கே பயன்படா. நுண்ணிய துளைகளுடைய 3 லீற்றர்ப் பூவாளி ஒன்று, கையளவான மண்கரண்டி ஒன்று, கூரிய சிறு கத்தரிக்கோல் ஒன்று ஆகிய மூன்றும் போதும். கவ்வாத்துக் கத்தி கொண்டு மிளகாய்க் கிளையை வெட்டினால் மென்மையான தண்டு பிளந்துவிடும்.

நான்காவதாக, ஊவா மாகாணத்துக்குச் சிறப்பாக உரிய பரிசு ஒன்று உண்டு. அது காற்றைத் தணிக்கும் வலைத்துணி. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றாக இங்கே இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு நறுமணம் கொடுக்கும் இக்காற்றே வாளிச் செடியின் பூவை உதிர்த்து இலையைக் காய்ச்சுகின்றது. காற்று வரும் பக்கத்தில் வலைத்துணியைக் கட்டினால் அதன் வேகம் தணியும். பலகையோ தகரமோ கொண்டு முற்றாக மறைத்தால் காற்று அதன் மேலாகச் சுழன்று வந்து செடியை மேலும் அலைக்கும்.

6. நீரும் நுளம்பும்

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு உதவாது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பார்க்குக. ஈரம் இருந்தால் நீர் வேண்டியதில்லை. உலர்ந்திருந்தால் துளைவழி நீர் வடியும் வரை ஊற்றுக. வறண்ட காற்று வீசும் நாள்களில் காய்க்கும் செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை தேவைப்படலாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் பல நாள்கள் ஒன்றுமே வேண்டியிராது. மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகின்றது என்பது பொருள். அப்போது மேலும் நீர் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும்.

வாளியின் கீழ் வைக்கும் தட்டு அழகிய பரிசாகத் தோன்றலாம். ஆயின் அதிற் தேங்கும் நீர் டெங்கு நுளம்பின் பிறப்பிடமாகும். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே செல்லும். தட்டை நீரின்றிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருக்குமாதலின், வாரம் ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நுளம்பு பெருக இடமளித்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரியதுமாகும். மாடியில் கீழ்வீட்டாருக்கு நீர் சிந்தாதிருக்கத் தட்டு இன்றியமையாததாயின், அதனை மணலால் நிரப்பிக் கொடுக்குக.

7. இலை சுருளுதல்

மிளகாயிற் பெரிதும் காணப்படும் கேடு இதுவே. இலையின் ஓரங்கள் படகு போல் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணியும் காரணமாகும். நுனித்தளிரை வெண்தாளின் மேல் தட்டினால் மயிர்போன்ற சிறு பனிப்பூச்சிகள் ஓடுவதைக் காணலாம். சுருண்ட நுனிகளைக் கத்தரித்து அகற்றி, இலைகளின் அடிப்பக்கம் நனையுமாறு காலையில் நீர் தெளிக்குக. 1 லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசல் சேர்த்து, 5 நாள்களுக்கு ஒரு முறை மும்முறை தெளிக்கலாம். மூன்று வாரங்களின் பின்பும் புதுத்தளிர் சிறுத்துச் சுருண்டே வருமாயின் அது நச்சுயிரி நோயாயிருத்தல் கூடும். அச்செடியைப் பிடுங்கி அகற்றுவதே தகும். வீட்டு முகப்பு உண்ணவும் உறங்கவும் அருகான இடமாதலின், தேயிலைக்கு அடிக்கும் மருந்தை இங்கே கொண்டு வருதல் கூடாது.

பரிசை அளிக்கும்போது, நட்ட திகதி, வெயில் தேவைப்படும் நேரம், அடுத்து எரு இடவேண்டிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதி வாளியிற் கட்டிவிடுக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அல்லது 1920 என்ற இலக்கத்துடன் தொலைபேசியிற் தொடர்பு கொள்ளலாம்.