திண்ணையில் ஒரு நோட்டீஸ்

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை வகுப்பில் நாடகமாகப் போடலாம் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரே காட்சிதான். கண்ணாடி போட்ட பையன் ராஜாஜி ஆவான். குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளுவான். காக்கிச் சட்டைக்காரன் அவனைக் கைது செய்வான். வகுப்பே 'வந்தே மாதரம்' என்று கத்தும். ஆண்டு விழாவுக்கு இது போதும், பாடத்துக்குப் போதாது. ஏனென்றால் உப்பள்ள வந்தவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார். அந்தக் காட்சியில் யோசிப்பதற்கு யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

யோசிக்க வேண்டியவர்கள் வழியில் இருந்த ஊர்க்காரர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு ராஜாஜி நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தோர்ன், நடப்பவர்களைத் தடுப்பதைவிட அவர்களைப் பட்டினி போடுவது சுலபம் என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்கு இடமோ சோறோ கொடுப்பவர்களுக்கு 6 மாதம் வரை சிறை, அபராதம் என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு நாடகம் தொடங்க வேண்டிய இடம் இந்த அறிவிப்புதான்.

பாடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும். முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் வழியை வரைந்து, உப்புக்கு வரி இருந்ததையும் அரசு அனுமதியில்லாமல் உப்புக் காய்ச்சுவது குற்றம் என்பதையும் சொன்னால் போதும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. மக்கள் என்ன செய்தார்கள் என்று முன்பே தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அதைத்தான் நடித்துக் காட்டுவார்கள், சொந்தமாக எதையும் தேட மாட்டார்கள்.

பிறகு வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆளுக்கொரு சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டில் வசனம் இருக்காது. நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை இழப்பாய் என்ற மூன்று மட்டும். வீட்டுக்காரர் சீட்டில் இப்படி எழுதலாம்: 'வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். நிலத்தின் மேல் கடன். நூறு பேர் பசியோடு இன்று மாலை உங்கள் ஊருக்கு வருகிறார்கள்.' மனைவிக்கு, தொண்டர்களோடு போய்விடத் துடிக்கும் மகனுக்கு, ஊர் என்ன சொல்லும் என்று பயப்படும் பாட்டிக்கு வெவ்வேறு சீட்டு. ஐந்தாவது சீட்டு கிராம முன்சீப்புக்கு. அவரும் அதே தெருக்காரர்தான், ஆனால் சம்பளம் சர்க்காருடையது. இந்த ஐந்தில் கஷ்டமான வேடம் அதுதான். பேச்சில் தயங்காத பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம்.

பேசிக்கொள்ள மூன்று நிமிடம், நடிக்க ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் விட்டால் கதை சினிமாவுக்குப் போய்விடும். நடுவில் ஆசிரியர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு தாலுகா கச்சேரி ஆளாக உள்ளே வந்து, திண்ணையில் நின்று நோட்டீஸைப் படிக்கிறார். துண்டு தோளில் இருந்தால் அதிகாரி, எடுத்தால் டீச்சர். இந்த அடையாளம் இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்பி, பாதிக் காட்சியில் 'டீச்சர், நான் இப்ப பேசலாமா?' என்பார்கள். நோட்டீஸ் படித்து முடித்ததும் தொண்டர்களின் பாட்டு தெருக்கோடியில் கேட்கிறது என்று சொல்லி 'ஸ்டாச்சு!' என்று கூவ வேண்டும். தெருவில் விளையாடும் விளையாட்டுதான், சொல்லித்தரத் தேவையில்லை. எல்லோரும் அப்படியே நிற்க, ஆசிரியர் ஒவ்வொருவர் தோளையும் தொடுகிறார். தொடப்பட்டவர் மனதில் ஓடுவதை ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

பாடத்தின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. 'பாரத மாதாவுக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று வந்தால் சீட்டு மனதில் இறங்கவில்லை என்று அர்த்தம். 'அடுத்த வீட்டுல கதவைச் சாத்திட்டாங்களா, தொறந்து வச்சிருக்காங்களா?' என்று வந்தால் பாதிப் பாடம் முடிந்தது. பயம் ஒரு வீட்டின் விஷயமல்ல, தெருவின் விஷயம் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாவது பீரியடில் எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி: நோட்டீஸையும் மீறாமல், பசித்தவர்களையும் விடாமல் வழி உண்டா? சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம், கோயில் பிரசாதம் என்று சொல்லலாம் என்று பிள்ளைகளிடமிருந்து குறும்பான யோசனைகள் வரும். எல்லாவற்றையும் நடிக்கவிட்ட பிறகு நடந்ததைச் சொல்லலாம். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவில்லாமலே தன் வீட்டில் இடமும் உணவும் கொடுத்துச் சிறை சென்றார். ஏப்ரல் 28 அன்று தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார். தானே தேடிக் களைத்த பிறகு கேட்பதால் மரத்துப் பொட்டலம் பிள்ளைகளுக்கு மறக்காது.

வைரப்பன் கதையையும் சேர்க்க ஆசை வரும். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளியான அவர், பாதிச் சவரத்தில் வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறை போனவர். நல்ல காட்சிதான், ஆனால் ஆபத்தும் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எந்த வேடம் என்பதை ஆசிரியர் கையால் தீர்மானித்தால், வகுப்பில் சாதி பேசத் தொடங்கிவிடும். இந்தக் காட்சிக்குக் கட்டாயம் குலுக்கல் முறைதான். 'பாதி மீசை' என்று சிரிப்புக் காட்சியாக மாறினால் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போனதையும் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பெரியாது என்பதையும் கேள்வியாகப் போட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் இந்தக் காட்சியைத் தொடாமல் விடுவதே மேல்.

இன்னொன்று அடிக்கடி கெடும். போலீஸ் வேடம் கிடைத்த பையன் கையில் ஸ்கேல் இருந்தால் அது லத்தியாகிவிடும். தொடக்கூடாது என்பதை முதலிலேயே விதியாக்கிவிடலாம். அதோடு காட்சி முடிந்ததும் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, வகுப்பு அவனைக் கேள்வி கேட்கட்டும். 'உங்க ஊர்க்காரங்களைப் பிடிக்க உங்களுக்கு மனசு வந்துதா?' என்று யாராவது கேட்பார்கள். அவன் போலீஸாகவே பதில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் கெட்டவன், நம்மவர் நல்லவர் என்று இரண்டே வரியில் முடித்துவைத்த கதை அந்தப் பதிலில் கலையும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு நாடகம் கிடையாது. கரும்பலகையில் மூன்று கட்டம்: ஆதாரம் உள்ளது, நடந்திருக்கலாம், நடந்திருக்க முடியாது. அன்று நடித்த ஒவ்வொன்றையும் பிள்ளைகளே இதில் போட வேண்டும். தோர்னின் உத்தரவு முதல் கட்டம். கல்யாணக் கடனில் இருக்கும் வீட்டுக்காரர் நாம் கட்டிய ஆள், ஆகவே இரண்டாவது. 'டி.வி.யில் நியூஸ் வந்துச்சு' என்று பாட்டி சொன்னது மூன்றாவது. இந்தக் கட்டம் போடாமல் பெல் அடித்துவிட்டால், தாங்கள் கட்டிய வசனத்தையே வரலாறு என்று நம்பிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். அது பாடம் நடத்தாமல் விட்டதைவிட மோசம்.

ஒரே பீரியட்தான் கிடைக்கிறது என்றால் நாற்காலிக் கேள்வியை விடலாம், வைரப்பனை விடலாம், இரண்டாவது சுற்று நடிப்பையும் சுருக்கலாம். திண்ணை நோட்டீஸையும் மூன்று கட்டத்தையும் மட்டும் விட வேண்டாம்.